தம்பியின் பத்தாயிரம் நாளும் என் ஒரு வாரப் பிழையும்

என் தம்பி பிறந்தது 1998 பிப்ரவரி 14. அவனுக்குப் பத்தாயிரம் நாள் நிறைவதைக் கொண்டாடலாம் என்று எனக்குத் தோன்றியது. நாள் எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

முதலில் காகிதத்தில்தான் போட்டேன். 27 வருடத்தை 365-ஆல் பெருக்கினால் 9,855. பத்தாயிரத்துக்கு இன்னும் 145 நாள். 27-ஆவது பிறந்த நாளான 2025 பிப்ரவரி 14-இலிருந்து 145 நாள் எண்ணினால் ஜூலை 9 வந்தது. சரிபார்க்க எனக்கு ஒரு வழி தெரியும். பத்தாயிரத்தை ஏழால் வகுத்தால் 1,428 வாரம் போக 4 நாள் மிச்சம். எனவே பிறந்த கிழமையிலிருந்து நான்கு கிழமை தள்ளித்தான் அந்த நாள் விழ வேண்டும். அவன் பிறந்தது சனி. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். காலண்டரில் ஜூலை 9 புதன்தான். அத்தோடு நிம்மதியாகக் கேக்குக்குச் சொல்லிவிட்டேன்.

ஜூன் கடைசியில், சும்மா இருக்கும்போது எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 14/02/1998 என்று அடித்ததும் அது கட்டத்தின் இடப்பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றது. கூட்டினால் `#VALUE!` என்றது. அந்தக் கணினியில் மாதம் முதலில் வரும் அமெரிக்க வழக்கம். 14-ஆம் மாதம் ஏது? அதனால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிட்டது. பிழை என்று சொன்னதே அதிர்ஷ்டம்தான். 05/04 என்று இருந்திருந்தால் ஏப்ரல் 5-ஐ மே 4 ஆக்கிவிட்டு வாயே திறந்திருக்காது. அதனால் இப்படி எழுதினேன்:

```
=DATE(1998,2,14)+10000
```

விடை 45840 என்று வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதியை நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும். மாற்றினேன். 2025 ஜூலை 2!

லீப் வருடத்தை மறந்திருக்கிறேன். 2000, 2004, 2008, 2012, 2016, 2020, 2024 என்று அவன் ஆயுளில் ஏழு பிப்ரவரி 29 வந்திருக்கிறது. சரியாக ஏழு, அதாவது முழுசாக ஒரு வாரம். அதனால்தான் ஜூலை 2-ம் புதன், ஜூலை 9-ம் புதன். கிழமையை வைத்துப் பார்க்கும் சோதனை, பிழை ஏழின் மடங்காக இருந்தால் ஒன்றும் சொல்லாது. தம்பி 2000 ஜூனில் பிறந்திருந்தால் ஆறு லீப் நாள்தான் வந்திருக்கும், கிழமை இடித்து அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

கேக் கடைக்குப் போன் போட்டுத் தேதியை மாற்றினேன். அத்தோடு விட்டதா என்றால், பாட்டி ஆரம்பித்தார்.

"பொறந்த நாள ஒண்ணுன்னு எண்ணாம நீ எங்கேருந்துடி எண்ணுற? பதினொண்ணாம் நாள் புண்ணியாகவாசனம் பண்ணுறப்ப அப்படித்தான எண்ணுவோம்?"

பாட்டி சொல்வதும் சரிதான். கழித்தலில் பிறந்த நாள் பூஜ்யம். அவர் எண்ணிக்கையில் அது ஒன்று. ஆக, பத்தாயிரமாவது நாள் நடப்பது ஜூலை 1, பத்தாயிரம் நாள் நிறைவது ஜூலை 2. வயதை '27 முடிந்து 28 நடப்பு' என்று சொல்கிறோமே, அதே சங்கதி.

"ஆயிரம் பிறைக்கு நாங்க எண்ணாததா?" என்றும் கேட்டுவிட்டார். அதையும் போட்டுப் பார்த்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சராசரி 29.53 நாள். பிறந்த பிறகு முதல் பௌர்ணமி அடுத்த நாளே வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். அதிலிருந்து இன்னும் 999 பௌர்ணமி. எனவே ஆயிரமாவது பௌர்ணமி ஏறக்குறைய 29,500-இலிருந்து 29,530 நாளுக்குள் வரும். 80 வருடத்துக்கு 29,220 நாள் போனால் மிச்சம் ஒன்பது பத்து மாதம். சதாபிஷேகத்தை 80 முடிந்த கையோடு செய்யாமல் சில மாதம் தள்ளி வைப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வாரக் கணக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆயிரம் வாரம் என்றால் 7,000 நாள், பிறந்த கிழமையிலேயே விழும். தம்பிக்கு அது 2017 ஏப்ரல் 15 சனிக்கிழமை, யாரும் கவனிக்காமலே போய்விட்டது. 1,500 வாரம் 2026 நவம்பர் 14, அதுவும் சனி. லீவு நாள் என்பதால் இப்போதே குறித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் ஜூலை 2 அன்றே கேக் வெட்டினோம். அவன் பிறந்தது இரவு 11.40 என்று ஜாதகத்தில் இருந்தது. அப்போதுதான் நிஜமாகவே பத்தாயிரம் முறை இருபத்து நான்கு மணி நேரம் முடிகிறது என்று அவனை எழுப்பப் போனேன். தலையணையை எடுத்து எறிந்தான்.