ஆச்சியின் பாத்தி

கல்லூரி மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது எங்கள் கிரிக்கெட் அணியைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அதை எழுத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆச்சியைப் பற்றி என்னை விட்டால் யாரும் எழுதப்போவதில்லை.

1992 ஆவணியில் முதல் தடவை உயர்தரம் எழுதினோம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். மண்ணெண்ணெய் விற்ற விலையில் ஜாம் போத்தல் விளக்கின் திரியைக்கூட நூலாக மெலித்துத்தான் கொளுத்தினோம். சோதனை முடிந்த கையோடு ஆச்சி எனக்கு வேலை வைத்துவிட்டா. வளவில் விழுந்த பனம்பழம் பொறுக்குவது, களி பிசைந்து எடுத்தபின் மிஞ்சும் கொட்டைகளைக் குவிப்பது, பிறகு பாத்தி போடுவது.

பாத்தி என்றால் நிலத்தைக் கிண்டிப் புதைப்பது அல்ல. நிலத்துக்கு மேலே முழங்கால் உயரத்துக்குப் பொலபொலவென்று மணலை மேடாக்கி, அதன் மேலே கொட்டைகளை நெருக்கி அடுக்கி மண்ணால் மூட வேண்டும். மேடு எதற்கு என்று கேட்டேன். அடிமண் இறுக்கமாக இருந்தால் கிழங்கு கோணி மெலிந்துபோகும், மழைத் தண்ணி நின்றால் அழுகிவிடும் என்றா. ஐப்பசி, கார்த்திகை மழை அதைப் பார்த்துக்கொள்ளும், நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பதும் ஆச்சியின் கணக்கு.

தை மாதம் பெறுபேறு வந்தது. பிரயோக கணிதத்தில் எஃப், பௌதிகவியலில் எஸ். மற்ற இரண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கூடப் படித்த இரண்டு பேருக்குப் பொறியியல் பீடம் உறுதி. நான் படலைக்கு வெளியே போவதை நிறுத்திவிட்டேன். கடையில் நிற்கிறேன், கொழும்புக்குப் போகிறேன், ஏஜென்சிக்குக் காசு கட்டுங்கோ என்று நாளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கிழமைதான் ஆச்சி பாத்தி பார்க்கக் கூப்பிட்டா. மேலே ஒன்றுமே இல்லை, வெறும் மண். "ஆச்சி, உது ஒண்டும் முளைக்கேல்லை" என்றேன். அவ பேசாமல் ஒரு மூலையைக் கையால் விறாண்டி, ஒரு கொட்டையைப் பிடித்து மண்ணைத் தள்ளித் தள்ளி இழுத்தா. கொட்டையிலிருந்து கீழ்நோக்கிப் போன தண்டின் முனையில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கிழங்கு. அதை உடைத்துக் காட்டினா. நடுவில் பீலி, குருத்து, மேலே வரத் தயாராக நின்றது.

"கொட்டை முதல்ல கீழதான் போகும் மோனை. அடி பிடிச்சாப் பிறகுதான் மேல வரும்."

அவ்வளவுதான். எனக்காகச் சொன்னாவா, கிழங்குக்காகச் சொன்னாவா என்று இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. தோற்றவனுக்கு எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்.

மாசி முழுக்கக் கிழங்கோடுதான் போனது. பீலி வெளியே வந்து ஓலை விரியவிட்டால் கிழங்கு தும்பாகிவிடும் என்று ஆச்சி அவசரப்படுத்தினா. பிடுங்கி, அவித்து, நாரை உரித்துக் கிழித்து வெயிலில் காயப்போட்டால் புழுக்கொடியல். அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல், அது கூழுக்கும் பிட்டுக்கும். ஊமல் அடுப்புக்கு. கை வேலையில் இருக்கும்போது அந்த வசனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

பங்குனியில் கல்லூரிக்குப் போய், எங்கள் பிரயோக கணித ஆசிரியரிடம் திரும்பவும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கடந்தகால வினாத்தாளை எடுக்கவே விடவில்லை. சுவரில் சாய்ந்த ஏணியொன்றைக் கீறி, உராய்வு எந்தப் பக்கம் என்று கேட்டார். ஏணியின் கால் சுவரை விட்டு வெளியே வழுக்கப் பார்க்கிறது, ஆகவே நிலத்தின் உராய்வு சுவரை நோக்கி. நான் அதற்கு முதல் அப்படி யோசித்ததே இல்லை, விடையை மட்டும் பாடமாக்கியிருந்தேன். மாதக்கணக்கில் விசை வரிப்படம் மட்டுந்தான் கீறினேன். ஒரு கணக்கும் முடிந்தபாடில்லை. கூட்டாளிகள் பத்தாம் வகுப்புப் பாடமோ என்று சிரித்தார்கள். முந்தி என்றால் அன்றைக்கே கொப்பியை மூடியிருப்பேன். இப்போது, கீழேதானே போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு புழுக்கொடியலைக் கடித்தபடி அடுத்த படத்தைக் கீறினேன்.

இரண்டாம் தடவை எனக்கும் பொறியியல் கிடைத்தது. பெறுபேற்றைச் சொல்ல ஓடிப்போனபோது ஆச்சி அடுத்த பாத்தியைக் கிளறிக்கொண்டு நின்றா. முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லது. அப்ப சம்பளம் எப்ப வரும்?" என்றா. நாலு வருசம் படிக்க வேண்டும் என்றேன். அது சரி என்று சொல்லி, கடகத்தை என் கையில் தந்தா.