‘எங்கே?’ என்று கேட்ட ஸ்கிரீன்ஷாட்

3 டிசம்பர் 2024, செவ்வாய், மெல்பர்ன்

பிற்பகல் 2.41க்குச் சிங்கப்பூரின் அங் மோ கியோவிலிருந்து பாட்டி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். அதன் கீழே ‘எங்கே?’ என்ற ஒரே ஒரு சொல். எது எங்கே என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. பாட்டியின் கைத்தொலைபேசியில் எழுத்தின் அளவு உச்சத்தில் இருப்பதால், திரையில் ஒரு கேள்வியும் அதன் கீழே அரைகுறையாக ஒரு பத்தியும் மட்டுமே தெரிந்தன. கேள்வியின் தொடக்கத்தை வாட்ஸ்அப் அறிவிப்பு ஒன்று மறைத்திருந்தது. எஞ்சியிருந்த "full control of your device?" என்ற சொற்களைப் படித்ததும், வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்தக் கேள்வி ஒரே ஓர் இடத்தில்தான் வரும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் விரல்களை அசைக்க முடியாதவர்களுக்கும் உதவும் செயலிகளுக்காக Accessibility என்ற பகுதி இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற செயலி, திரையில் உள்ள அனைத்தையும் படிக்கலாம். மற்றச் செயலிகளின்மேல் தன் படத்தைப் போர்த்தலாம். உரிமையாளருக்குப் பதிலாகத் தானே பொத்தான்களை அழுத்தலாம். இதே அனுமதி மோசடிக்காரன் கைக்குப் போனால், வங்கிச் செயலியில் நாம் தட்டும் கடவுச்சொல்லை அவன் பார்ப்பான். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் படிப்பான். பிறகு நாம் உறங்கும் நேரத்தில், நம் கைபேசியிலிருந்தே பணத்தை அனுப்பிவிடுவான். சிங்கப்பூரில் 2023இல் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர் இவ்வகை மோசடியில் சிக்கினார்கள். அவர்கள் இழந்தது 34 மில்லியன் வெள்ளிக்கும் மேல்.

மேலே வந்திருந்த அறிவிப்பில் இப்படி இருந்தது: "Ok aunty, prawn 3kg, batang 2kg, 14 Dec morning send. Press Allow first." தனியாக இருக்கும் பாட்டி ஒரு வாரத்தில் கால் கிலோ இறாலுக்கு மேல் வாங்கமாட்டார். மூன்று கிலோ இறாலும், எனக்குப் பிடித்த பாத்தாங் மீன் இரண்டு கிலோவும், நான் விடுமுறைக்கு வீடு வந்து சேரும் அதே காலையில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மலிவான கடலுணவு என்று வந்த விளம்பரத்தைப் பார்த்து, விற்பவன் அனுப்பிய செயலியை அவர் நிறுவியிருப்பது எனக்கு விளங்கிவிட்டது.

படத்தின் உச்சியில் இருந்த நேரம் 11:18. சிங்கப்பூரைவிட மெல்பர்ன் இப்போது மூன்று மணி நேரம் முன்னால் இருப்பதால், படம் எனக்கு வந்து சேர்ந்தபோது அங்கே 11.41. நேரத்தின் பக்கத்திலேயே அழைப்பு நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் சிறிய தொலைபேசிக் குறியும் இருந்தது. அவன் பாட்டியோடு பேசிக்கொண்டே வழி சொல்லியிருக்கிறான். கேள்வி திரையில் இருக்கும்வரை அனுமதி கொடுக்கப்படவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அதற்குப் பின் கழிந்த 23 நிமிடங்களைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லாது.

வாட்ஸ்அப்பில் அழைக்காமல் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தேன். கைபேசியின் இணையத்தை உடனே துண்டிக்க வேண்டியிருந்தது. அதன் வழியாகவே பேசினால் பேச்சும் அறுந்துவிடும்.

"பாட்டி, அந்தப் படத்தை அனுப்பினதுக்கு அப்புறம் எதையாவது அழுத்தினீங்களா?"

"அழுத்தறதுக்கு அங்க என்ன தம்பி இருக்கு? அந்தப் பையன் அழுத்துங்க, அழுத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கான். பொத்தானையே காணோம். அதான் எங்கேன்னு உன்னைக் கேட்டேன்."

எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்ததால் Allow, Deny என்ற இரண்டு பொத்தான்களும் திரைக்குக் கீழே இறங்கிவிட்டன. விரலால் மேலே தள்ளியிருந்தால் தென்பட்டிருக்கும். பத்தி பாதியில் நிற்பதால் அதற்குக் கீழேயும் ஏதோ இருக்கிறது என்று பாட்டிக்குத் தோன்றவில்லை.

திரையின் உச்சியிலிருந்து விரலைக் கீழே இழுத்து, விமானப் படத்தைத் தொடச் சொன்னேன். வைஃபை குறி அணைந்துவிட்டதா என்று தனியாகப் பார்க்கவும் சொன்னேன். சில கைபேசிகளில் விமான நிலைக்குப் போன பிறகும் வைஃபை இயங்கிக்கொண்டிருக்கும். அணைந்துவிட்டது என்றார்.

4 டிசம்பர், புதன்

நேற்று மாலை உட்லண்ட்சிலிருந்து சித்தப்பா பாட்டி வீட்டிற்குச் சென்றார். பாட்டியின் கைபேசியை அவர் தொடுவதற்கு முன், பாட்டியை வங்கியின் அவசர எண்ணுக்குத் தம் கைபேசியிலிருந்து அழைக்க வைத்துக் கணக்கை முடக்கச் செய்தார். விற்பவன் கேட்ட 5 வெள்ளி முன்பணத்தைப் பாட்டி இன்னும் அனுப்பியிருக்கவில்லை. கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை என்று வங்கி ஊழியர் உறுதிசெய்தார். அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸிலும் மத்திய சேமநிதிக் கணக்கிலும் பாட்டி அறியாத நடவடிக்கை எதுவும் இல்லை.

அதன் பிறகே செயலியை நீக்கச் சொன்னேன். இந்த இடத்தில் கண்ணை அகற்றாமல் கவனிக்க வேண்டும். முழு அனுமதி பெற்றுவிட்ட தீய செயலியை அவ்வளவு எளிதில் நீக்க முடியாது. நீக்கும் பக்கத்தைத் திறந்தவுடன் அது தானாகவே பின்பொத்தானை அழுத்திப் பக்கத்தை மூடிவிடும், திரும்பத் திரும்ப. சித்தப்பா காணொளி அழைப்பில் காட்டியபோது பக்கம் அசையாமல் நின்றது. ஒரே முறையில் செயலி போய்விட்டது. அதற்கு முன் Accessibility பட்டியலில் அதன் பெயருக்கு நேரே Off என்று இருந்ததையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால், அனுமதி கொடுக்கப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. வாட்ஸ்அப் வழியாகவோ உலாவி வழியாகவோ வந்து, குறுஞ்செய்தியைப் படிக்கவும் இந்த அனுமதியைப் பயன்படுத்தவும் கோரும் செயலிகளை, நிறுவும்போதே தடுக்கும் ஏற்பாட்டை 2024 பிப்ரவரியில் கூகுளின் பாதுகாப்புச் சேவையான Play Protect சிங்கப்பூரில்தான் முதலில் தொடங்கியது. அப்படியிருக்க, இந்தச் செயலி எப்படி உள்ளே வந்தது? பாட்டியே சொன்னார்: காலையில் அந்தப் பையன் ஒரு பச்சைக் கேடயப் படத்தைத் தேடச் சொல்லி, அதை அணைக்க வைத்தானாம். அதுதான் Play Protect. சித்தப்பா அதை மீண்டும் இயக்கிவிட்டார்.

7 டிசம்பர், சனி

படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, சித்தப்பா கைபேசியை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தார். காவல்துறையிலும் புகார் கொடுத்தாயிற்று. ஸ்கிரீன்ஷாட்டும் விற்பவனின் எண்ணும் அதில் சேர்க்கப்பட்டன. பாட்டிக்கு வருத்தமெல்லாம் இறால் கிடைக்காமல் போனதில்தான். நான் தொலைபேசியில் எவ்வளவு சொல்லியும் சமாதானமாகவில்லை.

16 டிசம்பர், திங்கள், சிங்கப்பூர்

சனிக்கிழமை நான் வந்து இறங்கியபோது, ஈரச்சந்தையில் வாங்கிய பாத்தாங் மீன் குழம்பாகிக் காத்திருந்தது. இறாலும் இருந்தது, ஒரு கிலோ. விளம்பரத்தில் போட்டிருந்த விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன் என்று பாட்டி சொன்னார்.

இன்று காலை இருவரும் வங்கிக் கிளைக்குச் சென்றோம். சேமிப்பில் ஒரு பகுதியை இணையம் வழியாக யாரும் அசைக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியை இங்குள்ள பெரிய வங்கிகள் 2023 நவம்பரில் கொண்டுவந்தன. பாட்டியின் வங்கியில், பூட்டிய பணத்தை விடுவிக்க அவரே அடையாள அட்டையோடு கிளைக்கு வர வேண்டும். திருடனிடம் கைபேசி முழுவதும் போனாலும் அந்தத் தொகையை அவனால் தொட முடியாது என்பதால்தான் இதை நான் வற்புறுத்தினேன். முட்டிவலியோடு அடிக்கடி வந்துபோக முடியாதே என்று பாட்டி தயங்கினார். ஆறு மாதச் செலவை வெளியே விட்டுவிட்டு மீதியைப் பூட்டலாம் என்று ஊழியர் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

எழுத்தின் அளவைக் குறைக்கட்டுமா என்று வழியில் கேட்டேன். வேண்டாம் என்றார். தெரியாத ஒன்று திரையில் வந்தால் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, நான் வீட்டுத் தொலைபேசியில் அழைக்கும்வரை எதையும் தொடாமல் இருப்பதாக அவரே சொன்னார். என் வகுப்பு நேரங்களைத் தாளில் எழுதிக் கேட்டார். அந்த நேரங்களில் சித்தப்பாவுக்கு அனுப்புவாராம்.