15 இறாத்தல், 112 பாகை

ஒக்டோபர் 6

மாரி தொடங்க முன்னம் சாமான் எல்லாத்தையும் ஒருக்கால் பார்த்து எழுதி வையுங்கோ என்று டொக்டர் சொல்லி இரண்டு கிழமை ஆயிற்று. இன்று தராசு. அரிசிக் கடை நானாவிடம் முத்திரை குத்திய 10 கிலோப் படிக்கல் இரண்டை இரவல் வாங்கி வந்து வைத்தேன். 19.4 காட்டியது. பழுது என்று எழுதப் போனவள், கீழே ரப்பர் விரிப்பைக் கண்டு நிறுத்தினேன். தராசைச் சீமெந்துத் தரையில் வைத்தால் சரியாக 20.0. பெரியவர்களின் எடையில் எப்படி என்று பார்க்க நானே ஏறி நின்று, பிறகு படிக்கல்லையும் தூக்கிக்கொண்டு நின்றேன். 20 கூடியது. விரிப்பை வெளியே போட்டாயிற்று.

ஒக்டோபர் 9

பிரஷர் மெஷின்கள். நோயாளிகளுக்குப் பாவிக்காமல் அலுமாரியில் கிடக்கும் பழைய பாதரச மெஷின்தான் ஒப்பிட. பட்டியைக் கண்ணாடிப் போத்தலில் சுற்றி, கவைக் குழாயால் இரண்டையும் இணைத்து 200 வரை ஊதி, 150, 100, 50 என்று இறக்கிக்கொண்டே இரண்டையும் வாசித்தேன். முதல் முள்மெஷின் எல்லா இடத்திலும் 2க்குள்தான் விலகியது. 3 வரை விடலாம். மற்றது எங்கும் 6 கூட. காற்றை முழுக்க விட்ட பிறகும் முள் 6இலேயே நின்றது. திருகித் திருப்பிச் சுழியத்துக்குக் கொண்டு வரலாம்தான். ஆனால் உள்ளே எது விலகியது என்று தெரியாமல் முள்ளை மட்டும் திருப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. “பாவிக்க வேண்டாம்” என்று ஒட்டி, திருத்த அனுப்பினேன்.

ஒக்டோபர் 14

இன்றைக்கு, கட்டுத்துணி, கருவிப் பொதிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஒட்டோகிளேவ். எங்களுடையது பிரஷர் குக்கர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற சின்னது. கேஜ் வழமைபோல 15 இறாத்தல். சூடு பட்டால் கறுக்கும் பொதி நாடாவில் கறுப்புக் கோடுகளும் வந்திருந்தன. ஆனால் நாடா வெளியே ஒட்டியது. உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. எனவே ஏறிய பாகையிலேயே நின்றுவிடும் வெப்பமானியை உதறி இறக்கி, அடியிலுள்ள பொதியின் நடுவில் சுருட்டி வைத்து, 30 நிமிடம் ஓடவிட்டேன்.

எடுத்துப் பார்த்தால் 112. வர வேண்டியது 121.

முதலில் வெப்பமானி மேலேதான் சந்தேகம். கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன், 100. மட்டக்களப்பு கடல் மட்டத்தில் இருப்பதால் அது சரி. கேஜும் ஆவியை விட்டதும் 0க்கு இறங்கியது. மிச்சம் காற்றுத்தான்.

கேஜ் ஆவியையும் காற்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டின் அழுத்தத்தையும் கூட்டித்தான் காட்டும். உள்ளே முழுதும் ஆவி என்றால் 15 இறாத்தலில் 121 பாகை. பாதிக் காற்று மிஞ்சினால் அதே 15இல் 112தான். காற்றே போகாவிட்டால் கிட்டத்தட்ட 100. எங்கள் கணக்கு அப்படியே பாதியில் வந்து நிற்கிறது.

ஒக்டோபர் 15

மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடியின் உட்புறத்திலிருந்து ஒரு நெளிகுழாய் தொங்கும். காற்று ஆவியை விடப் பாரம், அடியில் போய்க் குந்தும். அதனால்தான் அந்தக் குழாய் உள்பாத்திரத்தின் பக்கத்துத் தவாளிப்பில் இறங்கி அடி வரை போக வேண்டும். அப்போதுதான் வால்வு திறந்திருக்கும்போது ஆவி மேலிருந்து அழுத்த, காற்று அடியிலிருந்து வெளியேறும். எங்கள் குழாயோ மேல் பொதியின் மீது மடங்கிக் கிடந்தது. மேலே உள்ள ஆவிதான் வீணாக வெளியே போயிருக்கிறது.

துப்புரவு அக்காவைக் கேட்டேன். “பூரணை லீவுக்குப் பிறகு கழுவிப்போட்டு அப்படியே மூடினனான் மிஸ். குழாயைப் பிடிச்சுச் செருக வேணுமெண்டு ஆரும் சொல்லேல்ல.” பிழை அவவில் இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான்.

அன்றிலிருந்து அடியில் இருந்த பொதி எது, மேலே இருந்தது எது என்று எழுதி வைக்கவில்லை. ஆகவே இருந்த பொதிகள் எல்லாம் திரும்பவும் உள்ளே. பாவித்த பொதிகளைப் பதிவுப் புத்தகத்தில் தேடினால், காயம் கட்டியவர்கள் பதினொரு பேர், தையல் போட்டவர்கள் இரண்டு பேர். டொக்டரிடம் பட்டியலைக் கொடுத்தேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காயத்தைப் பார்க்கச் சொன்னார்.

ஒக்டோபர் 17

குழாயைத் தவாளிப்பில் இறக்கி, வால்வைத் திறந்தே வைத்து, ஆவி விட்டுவிட்டு வராமல் சீறிக்கொண்டு ஒரே சீராக வரத் தொடங்கிய பிறகும் ஏழு நிமிடம் காத்திருந்து மூடினேன். 15 இறாத்தலில் 30 நிமிடம். வெப்பமானி 121. அடிப்பொதிக்குள் வைத்த இரசாயனக் காட்டியும் தேறியது.

மூடியிலும் உடம்பிலும் தவாளிப்புக்கு நேரே சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன். இரண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் குழாய் உள்ளே இறங்கும். அக்கா மூன்று தரம் கழற்றி மாட்டிக் காட்டினா. இனிப் பொதிகளில் “அடி”, “மேல்” என்றும் எழுதுகிறோம்.

தையல் போட்டவர்களில் ஒருவர் இன்னும் வரவில்லை. வாழைச்சேனைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். நாளைக் காலை திரும்பவும் கோல் எடுக்க வேண்டும்.