மேசையில் படுத்திருந்தவரிடம் சொன்ன ஆறுதல்

"பயத்துல தசை இறுகியிருக்கும்மா, அதனாலகூட டை போகாம இருக்கலாம்."

கருப்பைக்குள் டை என்கிற சாயத்தைச் செலுத்தி, கருக்குழாய்கள், அதாவது டியூப்கள், திறந்திருக்கின்றனவா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் எச்.எஸ்.ஜி. அதை எடுக்கும்போது ஒரு பெண்ணிடம் நான் சொன்னது இது. ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் உடனே கேட்டார்: "அப்போ நான் பயப்படாம இருந்திருந்தா போயிருக்குமா அக்கா?"

அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று எல்லாம் முறையாகத்தான் நடந்தது. மாதவிலக்கு நின்று, கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களில்தான் வரச் சொல்லியிருந்தோம். வலி மாத்திரை முன்கூட்டியே போட்டிருந்தார். பலூன் கதீட்டரை வைத்து டாக்டர் டையைச் செலுத்தத் தொடங்கியதும் திரையில் கருப்பை முக்கோணமாக நிரம்பியது. வழக்கமாக அதன் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் நூல் பிரிந்த மாதிரி டியூப் கிளம்பும். கடைசியில் சற்று அகன்று, டை வயிற்றுக்குள் சிதறும். அன்று இரண்டு மூலைகளும் மொட்டையாக நின்றன. அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவசரப்பட்டு அழுத்தவில்லை. அழுத்தினால் வலி கூடும் என்பது ஒன்று. டை கருப்பைச் சுவரின் ரத்தக் குழாய்களுக்குள் ஏறிவிடும் என்பது இன்னொன்று. அப்படி ஏறினால் திரையில் வலைப்பின்னல் தெரியும். பார்த்துப் பழகாதவர்கள் அதை டியூப் திறந்து டை வெளியே வந்ததாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் நிறுத்திவிட்டு, தசையைத் தளர்த்தும் ஊசி போட்டுச் சில நிமிடம் காத்திருந்தோம். மறுபடி மெதுவாகச் செலுத்தியபோது வலது பக்கம் முழுசாகத் தெரிந்தது, டையும் சிதறியது. இடது பக்கம் அப்படியேதான் இருந்தது. "அந்தப் பக்கம் ஏன் வரல?" என்று அவர் கேட்டபோதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. கருப்பைச் சுவருக்குள் டியூப் நுழையும் இடத்தில் சுற்றிலும் தசை, நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத வழி. தசை இறுகினால் வழி மூடிக்கொள்ளும். சளி கொஞ்சம் உறைந்து அடைத்திருந்தாலும் படம் அதே மாதிரிதான் விழும். இந்த இடத்தில் அடைப்பு என்று வந்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்திருந்ததாக ஓர் ஆய்வே உண்டு. டியூபின் மறுமுனை அடைத்து, நீர் கோத்துப் புடைத்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். காசநோய் வந்துபோன டியூப் மணி கோத்த மாதிரி விட்டுவிட்டுச் சுருங்கித் தெரியும். அதைப் பார்த்திருந்தாலும் வாயே திறந்திருக்க மாட்டேன். இவருக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. ரிப்போர்ட்டிலும் இடது பக்கம், கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு, தசை இறுக்கமாகவும் இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

ஆனால் பயம் எங்கிருந்து வந்தது? பலூன், டையின் அழுத்தம், வலி, இதற்கெல்லாம் அந்தத் தசை தானாக இறுகும். பயந்தவருக்கும் இறுகும், பயப்படாதவருக்கும் இறுகும். கை விரலைத் தளர்த்துகிற மாதிரி யாரும் அதைத் தளர்த்திவிட முடியாது. பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அதை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தது நான்.

வெளியே அவருடைய மாமியார் சொன்னதும் என் காதில் விழுந்தது. "கொஞ்சம் தைரியமா இருந்திருக்கக் கூடாதா?" அந்தம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணவர் பக்கத்திலேயே நின்றார். அவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தார்களா என்று ஃபைலைப் புரட்டினேன். அந்தத் தாள் இல்லை. ஒரு கோப்பையில் முடிகிற பரிசோதனை அது. அதற்கு முன்பே பெண்ணை இந்த மேசையில் ஏற்றிவிடுவது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

வலது டியூப் திறந்திருப்பதால் இயல்பாகவே கரு தங்கலாம், சில மாதம் பார்ப்போம் என்று டாக்டர் அவர்களிடம் விளக்கினார். தேவைப்பட்டால் மறுபடி எச்.எஸ்.ஜி., இல்லையென்றால் மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோப்பியில் நீலச் சாயம் செலுத்திப் பார்க்கலாம் என்றார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம், "அடுத்த தடவை பயப்பட மாட்டேன் அக்கா" என்றார். நான் "சரிம்மா" என்றேன். "உங்க பயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்லம்மா" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சம்பந்தம் இருக்கிறது என்று சொன்னவளும் நான்தானே?

இப்போதெல்லாம், "இந்தப் படத்துல டை இறங்கலன்னு மட்டும்தாம்மா தெரியுது, ஏன்னு டாக்டர் பார்த்துச் சொல்வாங்க" என்கிறேன். இது சரியான பதில். ஆனால் இதைக் கேட்டதும் அவர்கள் முகம் சுருங்கிப்போவதையும் பார்க்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. "உன் பழைய பதில்தான் நல்லது, அதைக் கேட்டவளாவது ராத்திரி தூங்குவா" என்கிறார். அந்தப் பெண் அன்று தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம், அக்கா சொல்வது தப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.