நீடாமங்கலத்துக்கு எழுதிய மெயில்

நெல் உலர்த்தும் டிரையர் விற்கும் தஞ்சாவூர் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் அனுபவங்களைக் கட்டுரையாக எழுதுவது என் வேலை. "எங்கள் மெஷினைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று மெயில் போட்டால், "மெஷின் நல்லா இருக்கு, சர்வீஸும் நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். கம்பெனி பெயரை எடுத்துவிட்டு பம்புசெட் கம்பெனி பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி அது. அதை வைத்து என்ன கட்டுரை எழுதுவது?

நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், ஐப்பசி மழையில் அறுத்த குறுவையை டிரையர்தான் காப்பாற்றியது என்று எங்கள் சர்வீஸ் தம்பியிடம் சொல்லியிருந்தார். அறுவடை நேரத்தில் யாருக்கும் மெயில் பார்க்க நேரமிருக்காது, அதனால் கொள்முதல் பணம் வங்கியில் ஏறும் வரை காத்திருந்து எழுதினேன்:

"ஐயா, டிரையர் வருவதற்கு முன், அறுத்த நெல் மழையில் மாட்டினால் என்ன செய்தீர்கள்? வாங்கும்போது எதை நினைத்துத் தயங்கினீர்கள்? இப்போது என்ன மாறியிருக்கிறது? எழுத முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலே போதும். நான் எழுதியதை உங்களிடம் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் வெளியிடுவோம். பெயர், ஊர், படம், இவற்றில் எதைப் போடலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்."

மூன்றில் இரண்டாவது கேள்விதான் முக்கியம், ஏனென்றால் அடுத்து வாங்கப்போகிறவர் மனதில் இருப்பதும் அதே தயக்கம்தான். அவர் குரல் பதிவில் சொன்னது இது: "ஈரம் போனா எடையும் போகுமேன்னுதான் யோசிச்சேன். ஆனா ஈரம்னு டிபிசியில எடுக்கலைன்னா மூட்டையிலயே முளைச்சிடுது." கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. டிபிசி என்கிற அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக் காலத்தில் சில வருடம் அரசு தளர்த்தும், ஆனால் அதை நம்பி அறுக்க முடியாது. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டுவந்தால் சுமார் 94 கிலோ நிற்கும். அந்த ஆறு கிலோவை மறைக்காமல், அவர் வார்த்தைக்குப் பக்கத்திலேயே கணக்காகப் போட்டேன்.

அவர் சொல்லில் நான் திருத்தியது வாய் தவறி வந்த சங்கதிகளை மட்டும். "சீக்கிரம் காஞ்சிடுது" என்றால் அப்படியே இருக்கட்டும், நாமாக அதை இத்தனை மணி நேரம் என்று மாற்றக்கூடாது. நேரம் வேண்டுமென்றால் அவரிடமே திரும்பக் கேட்கலாம். கருத்துச் சொன்னால் அடுத்த சர்வீஸ் இலவசம் என்று மெயிலில் சேர்க்கலாமே என்று விற்பனைப் பக்கத்தில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். காசு கொடுத்து வாங்கிய பேச்சு என்று தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரர் ஒரு வரியைக்கூட நம்பமாட்டார்.

வரைவைப் படித்துவிட்டு, பெயர் வேண்டாம், நீடாமங்கலம் வட்டாரம் என்று மட்டும் போடச் சொன்னார். அப்புறம் டீசல் செலவு கையைக் கடிக்கிறது என்பதையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்.