முதல் பக்கத்தின் பின்புறம் எங்கே?

வக்கீல் அலுவலகத்தில் என் வேலை, வாட்ஸ்அப்பில் வரும் கிரையப் பத்திரங்களைப் படித்து, வாங்கப் போகிறவருக்கு விளக்குவது. எல்லோரும் முதலில் விலையைத்தான் பார்ப்பார்கள். நான் முதல் தாளின் பின்பக்கத்தைத் தேடுவேன். யார் தாக்கல் செய்தது, யார் கைரேகை வைத்தது, எந்த வருடத்து எந்த ஆவண எண் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் செய்பவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சமீபத்தில் வந்த 1996-ஆம் வருடப் பத்திரத்திலும் அந்தப் பக்கம் இல்லை. போதாக்குறைக்கு, சர்வே எண் 112/3 என்பதா, 112/8 என்பதா என்று தெரியாத அளவுக்கு மங்கல். இதில் ஊகத்துக்கே இடமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கச் சொன்னேன், அதோடு அதில் தெரியும் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும்.

அடுத்து சொத்து விவரம். “கிழமேல் ஜாதியடி 110, தென்வடல் ஜாதியடி 145, இந்நான்கெல்லைக்குட்பட்ட 40 சென்ட்” என்று இருந்தது. பெருக்கினால் 15,950 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, கிடைப்பது சுமார் 36.6 சென்ட்தான். மூன்றரை சென்ட் வரை காணோம்! நான்கெல்லை தெளிவாக இருந்தால் நீதிமன்றங்கள் பொதுவாகப் பரப்பளவைவிட எல்லைக்கே மதிப்புத் தரும். அதனால் பணம் பேசும் முன் பட்டாவோடு ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து அளக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் உறுத்தியது எழுதிக் கொடுத்தவர் பகுதி. கணவர் இறந்த பின், ஒரு பெண் ‘தனக்காகவும், 11 வயது மைனர் மகனுக்கு கார்டியனாகவும்’ விற்றிருக்கிறார்.

“அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்களே சார், அப்புறம் என்ன?” என்றார் வாங்குபவர்.

மைனருக்குத் தனியாகச் சேர்ந்த பங்கை இயற்கைக் காப்பாளர் விற்க, 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். பத்திரத்தில் அப்படி ஓர் உத்தரவைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் மட்டும் கிரையம் செல்லாது என்றாகிவிடாது. மகன் மேஜரான பின் 3 வருடத்துக்குள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். இந்தக் கணக்கில் மகன் 2003 வாக்கில் மேஜர், கெடு 2006 வாக்கில் முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் வழக்குப் போட்டாரா என்பது பெரும்பாலும் வில்லங்கச் சான்றில் தெரியாது, நீதிமன்றத்தில்தான் தேட வேண்டும். நிலம் தகப்பனாரின் சுயசம்பாத்தியமா, பூர்வீகமா என்பதைப் பொறுத்தும் பதில் மாறும்.

இதைச் சார்பதிவாளரிடம் கேட்டுப் பயனில்லை. உரிமை யாருக்கு என்று தீர்ப்பது அவர் வேலை அல்ல. பின்பக்கமும் சர்வே எண்ணும் அவரிடம், மைனர் பங்கும் மூலப்பத்திரமும் வக்கீலிடம் என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். முன்பணம் கொடுக்கும் தேதியைத் தள்ளிப்போட வாங்குபவருக்கு மனமில்லை, தள்ளித்தான் ஆக வேண்டும் என்றேன்.