துணைநூற்பட்டியலை ஒன்றாக்க இரண்டு கடிதம் எழுதிய கதை

ஒரு சனிக்கிழமை முழுவதும் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதிதாக எதையும் தேடவில்லை. எங்கள் கையில் ஏற்கெனவே இருந்த ஒரு தேதியை நானே தொலைத்திருந்தேன், அதை மீட்கப் போனேன். எல்லாம் என் முதல் கடிதத்தால் வந்தது.

சிங்கப்பூரின் பழைய தமிழ் இதழ்களைப் பற்றி மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறோம்: பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் அக்கா, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் சார், அப்புறம் நான். மேற்கோள்களைச் சேர்த்து வைக்க மூவரும் பயன்படுத்தும் மென்பொருள் ஜொட்டேரோதான், ஆனால் அவரவர் கணக்கில். அக்காவிடம் 112 பதிவுகள், சாரிடம் 84, என்னிடம் 61. "இரண்டு முறை இருப்பதை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் பொதுக் குழுவில் போட்டுவிடுங்கள்" என்று நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். குழு தொடங்குவது பத்து நிமிட வேலை. "நீக்கிவிட்டு" என்று எழுதியதுதான் தப்பு.

சார் எழுதியபடியே செய்தார். இரட்டையாகத் தெரிந்ததையெல்லாம் அழித்தார். மறுநாள் வேர்ட் கோப்பில் பட்டியலைப் புதுப்பித்தால், சந்துவும் மணியும் தொகுத்த 1993ஆம் ஆண்டு நூல் ஒன்றே 1993a, 1993b என்று இரண்டாக நிற்கிறது. வேர்ட் கோப்பு நூலின் தலைப்பைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே இருக்கும் தனி அடையாளத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பதிவுகளை `Merge` செய்தால் பழைய அடையாளமும் கூடவே வரும், அழித்தால் அறுந்துபோகும். இன்னொன்றும் தெரியவந்தது. சொந்தக் கணக்கிலிருந்து குழுவுக்கு இழுத்துப் போட்டால் அங்கே உருவாவது புது அடையாளம் கொண்ட ஒரு நகல். ஒருவர் தன் கணக்கிலிருந்தும் மற்றவர் குழுவிலிருந்தும் மேற்கோள் போட்டால், யாரும் எதையும் அழிக்காமலே இதே a, b வரும்.

சரி, மீதியை நானே பார்க்கிறேன் என்று குழுவின் `Duplicate Items` பகுதியைத் திறந்தேன். அங்கேதான் அந்தச் சனிக்கிழமை தொலைந்தது. தமிழ் முரசின் 1936 தலையங்கங்கள் இரண்டு, ஒன்று அக்கா எடுத்தது, ஒன்று சார் எடுத்தது. இரண்டுக்கும் தலைப்பு "தலையங்கம்" மட்டுமே. எழுதியவர் பெயர் இல்லை, இதழில் வந்ததற்குக் கட்டுரைகளைத் தனித்து அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணும் கிடையாது. தலைப்பும் ஆண்டும் ஒத்துப்போனதால் மென்பொருள் இவற்றை இரட்டை என்று காட்டியது. நானும் நம்பி இணைத்தேன், குப்பையையும் காலி செய்தேன். "என் ஆகஸ்ட் தலையங்கம் எங்கேப்பா?" என்று அக்கா கேட்டபோதுதான் உறைத்தது.

இதற்கு நேர்மாறாக, உண்மையான இரட்டைகளை அது காட்டவே இல்லை. 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ எங்கள் மூவரிடமும் `சிங்கை நேசன்`, `Singai Nesan`, `Ciṅkai nēcaṉ` என்று மூன்று உருவத்தில் இருந்தது. மென்பொருளுக்கு அவை மூன்று வெவ்வேறு இதழ்கள். இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பட்டியலை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும், எளிதில் கிடைத்துவிடும்.

நூலகத்திலிருந்து திரும்பி வந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். முக்கியமான பகுதி இது:

"அக்கா, சார், வணக்கம். வெள்ளிக்கிழமை வரை யாரும் எதையும் அழிக்க வேண்டாம். இருப்பதை அப்படியே குழுவுக்கு இழுத்துப் போடுங்கள். இணைக்கும் வேலையை ஒரே ஆள் செய்யட்டும், நான் செய்கிறேன். அதற்கு முன் இரண்டு உதவி வேண்டும். இதழில் வந்தவற்றின் தலைப்பில் தேதியையும் சேருங்கள்: ‘தலையங்கம், நாள் மாதம் ஆண்டு’. தமிழ் நூலுக்கும் இதழுக்கும் தமிழ் எழுத்திலேயே தலைப்பு, ஆங்கில எழுத்து வடிவம் `Extra` கட்டத்தில். சனிக்கிழமைக்குப் பிறகு மேற்கோள்களைக் குழுவிலிருந்து மட்டும் போடுவோம். வரைவில் ஏற்கெனவே சொந்தக் கணக்கிலிருந்து போட்டவற்றை நான் ஒவ்வொன்றாக மாற்றிவிடுகிறேன். இணைக்கலாமா என்று எனக்குச் சந்தேகம் வருபவற்றை இணைக்காமல் ‘கேட்க’ என்று குறியிட்டு வைப்பேன், நீங்கள் இருவரும் பார்த்துச் சொல்லுங்கள்."

ஒரு பதிவு ‘நூல்’ என்றும் இன்னொன்று ‘நூலின் அத்தியாயம்’ என்றும் இருந்தால் ஜொட்டேரோ இணைக்க விடாது. முதலில் வகையை ஒன்றாக்க வேண்டும். இது கடிதத்தில் விட்டுப்போய், பிறகு தேக்காவில் தேநீர் குடிக்கும்போது வாயால் சொன்னேன்.

257 பதிவுகள் 169 ஆயின. ‘கேட்க’ குறியில் பதினொன்று சேர்ந்தது, அதில் நான்கு உண்மையிலேயே வேறு வேறு. ஆகஸ்ட் தலையங்கத்தை நூலகத்தில் கண்டுபிடித்து, தேதியோடு மறுபடி பதிவு செய்துவிட்டேன். நேற்று இரவு சார் வேர்ட் கோப்பைப் புதுப்பித்துவிட்டு அழைத்தார்: "தம்பி, 1993 ஒண்ணுதான் இருக்கு."